எழுத்துக்கு முன்னால் சுழலும் சிலம்பம்

படத்தின் தலைப்பு திரையின் அகலத்துக்கு விரிந்து நிற்கிறது. நாயகன் அதற்கு முன்னால் நடந்து வருகிறார். அவர் தலை ஓர் எழுத்தை மறைக்கிறது. அவர் நகர்ந்ததும் அந்த எழுத்து மறுபடி தெரிகிறது. எழுத்து கண்ணாடித் திரையின் மேல் ஒட்டியதாக இல்லாமல், அவருக்குப் பின்னால் அந்த இடத்திலேயே நிற்பதுபோல நம் கண் ஏற்றுக்கொள்கிறது. சினிமா டைட்டிலில் தொடங்கி கல்யாண வீடியோ, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வரைக்கும் இந்த உத்தி வந்துவிட்டது.

பச்சைத் துணி கட்டி, அதாவது கிரீன் மேட் போட்டு, எடுத்திருப்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தெருவிலோ மைதானத்திலோ கடற்கரையிலோ எடுத்த சாதாரணக் காட்சியிலேயே இதைச் செய்துவிடலாம். ஆளை மட்டும் அவர் உருவத்தின் ஓரத்தை ஒட்டி, ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிரித்தெடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். எடிட்டிங் அறையில் சுருக்கமாக ரோட்டோ என்பார்கள்.

மூன்று அடுக்கு

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் மூன்று லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம். அடியில் நாம் எடுத்த காட்சி, அதன்மேல் எழுத்து. எழுத்துக்கு மேலே அதே காட்சியின் இன்னொரு பிரதி. இந்த மேல் பிரதியில் ஆளின் உருவம் மட்டும் இருக்கும்படி ஒரு மாஸ்க் போட்டு, மற்றதை மறைத்துவிடுகிறோம். அவ்வளவுதான் அமைப்பு. எழுத்துக்குக் கீழே மைதானம், எழுத்துக்கு மேலே ஆள்.

மாஸ்க்குக்குத்தான் உழைப்பெல்லாம். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஆறு நொடிக் காட்சியில் 150 படங்கள். ஆள் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் நகர்ந்திருப்பார். மாஸ்க்கும் கூடவே நகர வேண்டும்.

இந்த வேலை கணினிக்கு முந்தியது. அமெரிக்காவில் கார்ட்டூன் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த மேக்ஸ் ஃப்ளைஷர் 1915-இல் இதற்கான கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1917-இல் அது கிடைத்தது. தம்பி டேவுக்குக் கோமாளி உடை போட்டு ஆடவிட்டுப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கண்ணாடிமேல் ஒளிவீசி, அதன்மேல் தாள் வைத்து உருவத்தை வரைந்தெடுத்தார். கோக்கோ என்ற கோமாளிப் பாத்திரம் அப்படித்தான் பிறந்தது.

நம் எழுத்து வேலைக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி, ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. 1968-இல் வந்த அந்தப் படத்தில் விண்கல மாதிரிகளைத் தனியாகவும் நட்சத்திரங்களைத் தனியாகவும் எடுத்தார்கள். கலம் நகர நகர அதற்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் மறைய வேண்டும். அதற்காகக் கலத்தின் வடிவத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரைந்து, மை பூசி மறைப்புகள் செய்தார்கள். நட்சத்திரம் இருந்த இடத்தில் இன்று நாம் எழுத்தை வைக்கிறோம், கணக்கு அதேதான்.

எங்கே வெட்ட வேண்டும்

புதிதாகச் செய்பவர்கள் ஆளை உச்சந்தலை முதல் பாதம்வரை துல்லியமாக வெட்ட உட்கார்ந்து, பாதியில் சோர்ந்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. மேல் பிரதியும் அடிக் காட்சியும் ஒரே படம். நடுவில் எழுத்து இல்லாத இடத்தில் மாஸ்க் கோணலாக இருந்தாலும், உடம்பைத் தாண்டி வெளியே வழிந்தாலும், மைதானத்தின்மேல் அதே மைதானம்தான் விழுகிறது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஆளை வேறொரு ஊரின் பின்னணியில் கொண்டுபோய் வைப்பதானால் உருவத்தின் ஓரம் முழுவதும் கச்சிதமாக இருந்தாக வேண்டும். எழுத்து வேலையில் எழுத்தும் உடம்பும் சந்திக்கும் ஓரம் மட்டும் சரியாக இருந்தால் போதும். ஆகவே முதலில் எழுத்தை வைத்துவிட வேண்டும். எந்தச் சொல், என்ன அளவு, திரையில் எந்த இடம் என்பதையெல்லாம் முடிவுசெய்தபிறகு காட்சியை ஓட்டிப் பார்த்தால், எந்த ஃப்ரேமில், உடம்பின் எந்தப் பகுதி எழுத்தைத் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். வெட்ட வேண்டிய வேலை அவ்வளவுதான்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பள்ளி மைதானத்தில் ஒரு மாணவி சிலம்பம் சுற்றிக்கொண்டே இடமிருந்து வலமாக நகர்கிறாள். கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கிறது. காட்சி ஆறு நொடி. பின்னணியில் கீழே செம்மண் தரை, தூரத்தில் மர வரிசை, அதற்குமேல் வெளுத்த வானம். ‘சிலம்பம்’ என்ற சொல்லை வானத்தில், அவள் தலை, தோள் உயரத்தில் வைக்கிறோம்.

ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது நொடியில் அவள் எழுத்துக்குள் நுழைகிறாள். ஐந்தாவது நொடியில் வெளியேறுகிறாள். வேலை 150 ஃப்ரேமிலிருந்து 75 ஃப்ரேமாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே எழுத்து இல்லை. ஆகவே காலையும், பாதம் கிளப்பும் புழுதியையும் தொட வேண்டியதே இல்லை. மாஸ்க்கை இடுப்போடு ஒரு நேர்கோட்டில் முடித்துவிடலாம். தலை, தோள், கைகள், கம்பு ஆகியவைதான் மிச்சம்.

உடம்பைப் பிரித்து வரைவது

முழு உருவத்தையும் ஒரே கோட்டால் சுற்றி வரைந்தால், கை மடங்கும்போது கோடு தனக்குத்தானே சிக்கிக்கொள்ளும். அதனால் உடம்பை அது மடங்கும் இடங்களில் பிரித்துத் தனித்தனி வடிவங்களாக வரைகிறார்கள். தலை ஒன்று, மார்பு ஒன்று, ஒவ்வொரு கைக்கும் மேற்கை, முன்கை, விரல்கள் மூடிய கைப்பிடி. வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கலாம். உள்ளே ஏறியிருப்பது வெளியே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு குறைவான புள்ளிகள் போதுமோ அவ்வளவு மட்டும். முன்கைக்கு ஆறு புள்ளி போதும் என்றால் பன்னிரண்டு வைக்கக் கூடாது. நகர்த்த வேண்டிய புள்ளி கூடக்கூட, ஓரம் நடுங்குவதற்கான வாய்ப்பும் கூடும்.

ஒரு புள்ளியை முழங்கையின் நுனியில் வைத்தால் கடைசி ஃப்ரேம்வரை அது முழங்கையின் நுனியிலேயே இருக்க வேண்டும். ஒரு ஃப்ரேமில் முழங்கையிலும் அடுத்ததில் சற்று மேலேயும் இருந்தால், இரண்டு ஃப்ரேமும் தனித்தனியாகப் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஓட்டினால் ஓரம் கொதிப்பதுபோலக் குமிழியிடும்.

75 ஃப்ரேமிலும் வரைய வேண்டியதில்லை. அசைவு திசைமாறும் இடங்களை முதலில் பிடிக்க வேண்டும். கை உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் ஃப்ரேம், கீழே வந்து மறுபடி ஏறும் ஃப்ரேம் இரண்டிலும் வடிவத்தைச் சரியாக வைத்துக் கீஃப்ரேம் போட்டால், இடையிலிருப்பதை மென்பொருள் தானே நிரப்பும். பிறகு அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஃப்ரேமுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். விலகியிருந்தால் திருத்தம், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். மறுபடி பாதி, மறுபடி பாதி என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். மார்புக்கு எட்டு, பத்து ஃப்ரேமுக்கு ஒரு கீஃப்ரேம் போதுமானதாக இருக்கும். கைகளுக்கு இரண்டு, மூன்று ஃப்ரேமுக்கு ஒன்று தேவைப்படலாம். முதல் ஃப்ரேமிலிருந்து வரிசையாக வரைந்துகொண்டே போகிறவரைவிட இப்படிப் பாதி பாதியாகப் பிரிப்பவரின் வேலை சீக்கிரம் முடியும், ஓரமும் நடுங்காது.

சுழலும் கம்பு

இந்தக் காட்சியின் உண்மையான சோதனை கம்புதான். அது ஒல்லியானது, வேகமானது, வானத்தில் தெரியும் எழுத்தின் குறுக்கே ஓடுவது.

கம்பு நொடிக்கு இரண்டு சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 720 டிகிரி. ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால், ஒரு ஃப்ரேமுக்குள்ளேயே கம்பு 14 டிகிரிக்குமேல் சுழன்றுவிடும். கம்பாகத் தெரியாமல், பாதி வானமும் பாதி மூங்கிலும் கலந்த ஒரு விசிறியாகத்தான் பதிவாகும். அதைக் கூர்மையான கோட்டால் வெட்டினால், விசிறியில் கலந்திருக்கும் வானத்தின் வெளிச்சமும் கூடவே வந்து எழுத்தின்மேல் வெள்ளைத் தீற்றலாக விழும்.

படம் எடுப்பதற்கு முன்பே இதை யோசித்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஷட்டரை 1/200-க்கு மாற்றினால் ஒரு ஃப்ரேமில் சுழற்சி 3.6 டிகிரிதான். கம்பு கம்பாகவே தெரியும். காட்சி சற்று வெட்டி வெட்டி ஓடுவதுபோலத் தோன்றும் என்பது உண்மை. சிலம்பத்தின் வேகத்துக்கு அது பொருந்திப்போகும். வெளிச்சமான மைதானத்தில் ஷட்டரைக் குறுக்குவதில் சிரமமும் இல்லை.

ஏற்கெனவே 1/50-இல் எடுத்தாகிவிட்டது என்றால், கம்பின் வடிவத்தைத் தனியாக ஒரு நீளக் கட்டமாக வரைந்து, அதற்கு மோஷன் பிளரை இயக்க வேண்டும். 25 ஃப்ரேம் வேகத்தில் 1/50 நொடி என்பது 180 டிகிரி ஷட்டர். மென்பொருளிலும் அதே 180-ஐக் கொடுத்தால் மாஸ்க்கும் கேமராவைப் போலவே மங்கும். கோட்டை மங்கலின் வெளி விளிம்பில் வைக்காமல் நடுவில் வைக்க வேண்டும். கூடவே வரும் வானத்தின் வெளுப்பைப் போக்க, எழுத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் காட்சியின் பிக்சலுக்குப் பதிலாகக் கம்பின் நிறத்தையே அந்த வடிவத்துக்குள் நிரப்பிவிடலாம். ஓடும் வேகத்தில் அது நிரப்பிய நிறம் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பின் இரு முனைப் புள்ளிகளை ஒரு கீஃப்ரேமிலிருந்து அடுத்ததற்கு மென்பொருள் நேர்கோட்டில்தான் கொண்டுபோகும். உண்மையில் முனை வட்டப்பாதையில் போகிறது. அதனால் இடைப்பட்ட ஃப்ரேம்களில் மாஸ்க் கம்பு, நிஜக் கம்பைவிடக் குட்டையாகிவிடும். முனை மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய்விட்டு வருவதுபோலத் தெரிந்தால் காரணம் இதுதான். புள்ளிகளை நகர்த்தாமல், கம்பு வடிவத்தைத் தனி லேயராக வைத்து, அவள் பிடித்திருக்கும் இடத்தை அச்சாகக் கொண்டு லேயரையே சுழற்றினால் நீளம் மாறாது.

முடியை வெட்டாமல் விடுவது

முடியை இழை இழையாக யாரும் வெட்டுவதில்லை. காற்றில் பறக்கும் முடியைக் கோட்டால் வெட்டினால் தலை, அட்டையில் கத்தரித்ததுபோல ஆகிவிடும். ஓரத்தை மென்மையாக்கினால், அதாவது ஃபெதர் கொடுத்தால், வானத்தின் வெளிச்சம் தலையைச் சுற்றி வெள்ளை வளையமாக நிற்கும்.

அந்த வளையம் எப்படி வருகிறது என்பதை ஒரே ஒரு பிக்சலை எடுத்துப் பார்த்தால் புரியும். முடியின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பிக்சல் பாதி முடி, பாதி வானம். முடியின் வெளிச்ச அளவு 30, வானத்தினுடையது 220 என்றால் பிக்சலின் அளவு சுமார் 125. வானத்துக்கு முன்னால் அது இயல்பாகத் தெரிந்தது. இப்போது அதன் பின்னால் 90 அளவுள்ள கருஞ்சாம்பல் எழுத்து வந்து நிற்கிறது. முடியும் எழுத்தும் இரண்டுமே இருட்டு. நடுவில் இந்த 125 மட்டும் பளிச்சென்று நிற்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி எழுத்து லேயரிலேயே இருக்கிறது. அதன் கலப்பு முறையை Darken என்று மாற்றினால், ஒவ்வொரு பிக்சலிலும் எழுத்து, அடிக் காட்சி இரண்டில் எது இருட்டோ அதுதான் தெரியும். வானம் 220, எழுத்து 90 என்றால் எழுத்து தெரியும். முடி 30, எழுத்து 90 என்றால் முடி தெரியும். தொல்லை கொடுத்த 125, எழுத்தைவிட வெளிச்சமானது. அங்கே எழுத்தே வந்துவிடும். வெள்ளை வளையம் மறைந்துவிடுகிறது. மாஸ்க் இல்லாமலேயே முடி தானாக எழுத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

முகமும் சட்டையும் எழுத்தைவிட வெளிச்சமாக இருப்பதால் அவற்றுக்கு மாஸ்க் வேண்டும். ஆகவே தலையின் மாஸ்க்கை முடியின் வெளி ஓரம்வரை கொண்டுபோகாமல், முடிக்குள் சற்று உள்வாங்கி நிறுத்திவிட வேண்டும். உள்ளே மாஸ்க், ஓரத்தில் Darken. இரண்டும் சேர்ந்து தலையை முடித்துவிடும்.

பின்னணி வெளிச்சமாகவும் முடி கறுப்பாகவும், எழுத்து இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். அவள் மர வரிசைக்கு முன்னால் வந்துவிட்டால் பலிக்காது. இலைகளும் இருட்டு என்பதால் அவையும் எழுத்தைத் துளைத்துக்கொண்டு தெரியும். எழுத்துக்கு அடர்ந்த சிவப்பு கொடுத்தாலும் சிக்கல்தான். Darken முறை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக ஒப்பிடுவதால் முடியில் செம்மை ஏறும். சாம்பலை ஒட்டிய நிறமே பாதுகாப்பானது. வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்றால் ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளிழுத்து, ஓர நிறத்தைச் சுத்தம் செய்யும் வசதியைப் பயன்படுத்தி, முடிக்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

தானாக வெட்டும் தூரிகை

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் 2010 முதல் Roto Brush என்ற கருவி இருக்கிறது. 2020-இலும் 2023-இலும் அதைப் பெரிதாக மேம்படுத்தினார்கள். ஆளின்மேல் பச்சைக் கோடு ஒன்று இழுத்தால் உருவத்தின் ஓரத்தை அதுவே கண்டுபிடித்து, அடுத்தடுத்த ஃப்ரேமுக்கு எடுத்துச் செல்லும். தவறிச் சேர்த்த இடத்தை Alt பொத்தானை அழுத்தியபடி கோடிழுத்து விலக்கலாம். டாவின்சி ரிசால்வின் கட்டணப் பதிப்பிலும் இதுபோன்ற கருவி உண்டு. கையால் மாஸ்க் வரைய அதன் இலவசப் பதிப்போ, இலவச மென்பொருளான பிளெண்டரோ போதும்.

இந்தத் தூரிகையைப் பயன்படுத்தும்போது தொடக்க ஃப்ரேமைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைகள் உடம்பை விட்டு விலகி, உருவம் முழுவதும் தெளிவாகத் தெரியும் ஃப்ரேம்தான் நல்லது. பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்ந்து பார்க்க வேண்டும். ஒரு ஃப்ரேமில் செய்த பிழையை அடுத்த ஃப்ரேம் வாங்கிக்கொண்டு, அதற்கடுத்ததற்கும் கொடுத்துவிடும். பிழை முளைத்த இடத்திலேயே திருத்தினால் பின்னால் வருபவை தானாகச் சரியாகும். எல்லாம் முடிந்ததும் Freeze கொடுத்து நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் எதையாவது மாற்றும்போது முழுவதும் மறுபடி கணக்கிடத் தொடங்கும். நம் காட்சியில் மார்புக்கும் முகத்துக்கும் தூரிகை நன்றாக உதவும். கம்பை அது அடிக்கடி தவறவிடும். அதற்குக் கை வேலைதான்.

எழுத்து அங்கேயே நிற்க

ஆள் எவ்வளவு கச்சிதமாக வெட்டப்பட்டாலும், எழுத்து பின்னணியோடு ஒட்டாவிட்டால் ஏமாற்று உடனே வெளுத்துவிடும். ட்ரைபாடில் எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. கையில் பிடித்து எடுத்திருந்தால் பின்னணியின் அசைவை ட்ராக் செய்து, எழுத்தையும் அதே அளவு அசையவிட வேண்டும். காட்சியை ஆடாமல் நிலைப்படுத்துவதாக இருந்தால், ரோட்டோவுக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். மொபைலில் எடுத்த காட்சியில் ஃப்ரேம் வேகம் பல சமயம் சீராக இருக்காது. முதலிலேயே அதை நிலையான 25-க்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் மாஸ்க் இடையில் ஒரு ஃப்ரேம் முந்தியோ பிந்தியோ போய்விடும். பின்னணி சற்று மங்கலாக இருந்தால், எழுத்தையும் அதே அளவுக்கு மங்கவைக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு கவனமும் தேவை. மெய்யெழுத்தின் புள்ளி, உகரச் சுழி போன்றவை சின்னவை. தலை நெடுநேரம் அந்தப் புள்ளியை மறைத்தால் சொல்லே வேறாகப் படிக்கப்படும். எந்த எழுத்து எவ்வளவு நேரம் மறைகிறது என்பதைப் பார்த்து, குறைந்தது ஒரு நொடியாவது முழுச் சொல்லும் திறந்திருக்கும்படி அமைக்க வேண்டும். நம் காட்சியில் முதல் இரண்டு நொடியும் சொல் முழுதாகத் தெரிகிறது. பார்ப்பவர் அதைப் படித்த பிறகுதான் அவள் அதை மறைக்கிறாள்.

சரிபார்ப்பது எப்படி

முடித்ததும் மாஸ்க்கை மட்டும் கறுப்பு வெள்ளையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறங்கள் இல்லாதபோது ஓரத்தின் நடுக்கம் பளிச்சென்று தெரியும். பிறகு முழுக் காட்சியையும் இருமடங்கு பெரிதாக்கி, எழுத்தின் ஓரங்களில் மட்டும் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக, சாதாரண அளவில், சாதாரண வேகத்தில் ஒருமுறை. பெரிதாக்கிப் பார்க்கையில் தெரிந்த ஒரு குறை இந்த ஓட்டத்தில் தெரியவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். ஓடும்போது கண்ணை இழுக்கும் குறையை மட்டும் திருத்தினால் போதும்.

அப்படியும் வேலை அதிகம் என்று தோன்றினால், மாஸ்க்கைத் தொடுவதற்கு முன் எழுத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம். ‘சிலம்பம்’ என்ற சொல்லைச் சற்று மேலே தூக்கினால் தோளும் மார்பும் எழுத்தைத் தொடாது. தலையும் கம்பும் மட்டுமே கடக்கும். பல வடிவங்கள் இரண்டாகக் குறைந்துவிடும். ஆள் எழுத்துக்கு முன்னால் நிற்கிறாள் என்று கண் நம்ப, அவள் தலை ஒரேயொரு எழுத்தை மறைத்து விலகினாலே போதும்.